கஃபே மெனுவிலிருந்து எதைத் தூக்குவது? ஐட்டம்வாரியாகப் பங்களிப்புக் கணக்கு

கேள்வி: எங்கள் கஃபே மெனுவில் 42 ஐட்டம் இருக்கிறது. கிச்சனால் சமாளிக்க முடியவில்லை, குறைக்க வேண்டும். ஃபுட் காஸ்ட் 40 சதவீதத்துக்கு மேல் போகிற எல்லாவற்றையும் தூக்கிவிடலாம் என்கிறார் பார்ட்னர். குறைவாக விற்பதைத் தூக்கலாம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் காண்ட்ரிப்யூஷன் மார்ஜின் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதை எப்படிப் போடுவது, போட்டபின் எப்படி முடிவெடுப்பது?

பதில்:

இரண்டு வழியுமே தவறான ஐட்டத்தைத் தூக்க வைக்கும். பார்ட்னர் சொல்கிறபடி செய்தால் உங்களுக்கு அதிகப் பணம் கொண்டுவரும் தட்டு ஒன்று போய்விடலாம். நீங்கள் சொல்கிறபடி செய்தால் கொஞ்சமாக விற்றாலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் காசு தருகிற ஐட்டம் போய்விடலாம்.

ஒரு தட்டு விற்றால் கைக்கு வருகிற பணத்திலிருந்து, அந்தத் தட்டைப் போட்டதால் மட்டுமே செலவான பணத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் காண்ட்ரிப்யூஷன் மார்ஜின். வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டு தருகிற பங்கு அது. இனி சுருக்கமாகப் பங்களிப்பு என்றே எழுதுகிறேன். இது ரூபாயில் வர வேண்டும், சதவீதத்தில் அல்ல. வாடகைக்காரருக்குச் சதவீதத்தைக் கொடுக்க முடியாது.

ஒரு பனீர் டிக்கா சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்போம். விலைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் பில்லில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கைக்கு வருவது எவ்வளவு

மெனுவில் விலை 180 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து. சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம் என்பதால் 180-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும். 171.43 வருகிறது. 180-இல் 5 சதவீதம் என்று 9 ரூபாயைக் கழித்து 171 என்று எழுதுவது பலரும் செய்வது. வித்தியாசம் சில்லறைதான், ஆனால் எல்லா ஐட்டத்திலும் ஒரே பக்கம் தப்பாக இருக்கும். நீங்கள் காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தால் மட்டும் அது சரி. அங்கே வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, விற்பனையில் 5 சதவீதத்தை நீங்களே கட்டுகிறீர்கள்.

இந்த 5 சதவீத வரியில் இன்புட் கிரெடிட் கிடையாது. அதனால் சரக்கு வாங்கும்போது நீங்கள் கட்டுகிற ஜி.எஸ்.டி. திரும்பி வராது, அதுவும் உங்கள் செலவுதான். சீஸ், பேக்கிங் டப்பா, சாஸ் எல்லாவற்றுக்கும் வரி சேர்ந்த விலையையே கணக்கில் எடுக்க வேண்டும். சப்ளையரின் விலைப்பட்டியலைப் பார்த்து எழுதினால் வரி விட்டுப்போகும். பில்லின் கடைசி வரியைப் பாருங்கள்.

தட்டுக்கு ஆகிற செலவு

வாங்கும் எடை ஒன்று, தட்டில் போகிற எடை இன்னொன்று. குடைமிளகாயில் காம்பும் விதையும் போனால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பனீர் கிரில்லில் தண்ணீர் விட்டுச் சுருங்கும். தட்டில் 70 கிராம் வர வேண்டுமென்றால் 85 கிராம் பச்சைப் பனீர் போட வேண்டியிருக்கிறது என்று வைப்போம். இதை ஊகிக்காதீர்கள். ஒரு கிலோ பனீரை எடை போட்டு, கிரில் பண்ணி, திரும்ப எடை போட்டால் பத்து நிமிடத்தில் உங்கள் பனீரின் கணக்கு தெரிந்துவிடும். பிராண்டு மாறினால் இதுவும் மாறும்.

| பொருள் | ஒரு சாண்ட்விச்சுக்கு | ரூபாய் |
|---|---|---|
| பிரெட் | 2 துண்டு (பாக்கெட் 70 ரூபாய், ஓரம் போக 18 துண்டு) | 7.78 |
| பனீர் | 85 கிராம், கிலோ 400 | 34.00 |
| குடைமிளகாய், வெங்காயம் | கழிவு சேர்த்து | 4.00 |
| தயிர், மசாலா | ஊறவைக்க | 5.00 |
| சீஸ் | 1 துண்டு | 13.00 |
| வெண்ணெய் | 10 கிராம், கிலோ 560 | 5.60 |
| புதினாச் சட்னி | 20 கிராம் | 2.00 |
| சிப்ஸ், கெட்சப், டிஷ்யூ | | 7.50 |
| | மொத்தம் | 78.88 |

கடைசி வரியில் உள்ள 7.50-ஐத்தான் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. ஓரத்தில் வைக்கிற சிப்ஸும் கெட்சப் பாக்கெட்டும் ரெசிபியில் இல்லாததால் கணக்கிலும் இருக்காது. வெண்ணெய் அடுத்த இடம். ரெசிபியில் 10 கிராம் இருக்கும். மாஸ்டர் கரண்டியில் அள்ளித் தடவும்போது 16 கிராம் போகும். ஒருநாள் காலையில் வெண்ணெய் டப்பாவை எடை போட்டு வைத்து, இரவு திரும்ப எடை போட்டு, அன்று போன சாண்ட்விச்சின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

இந்த 78.88 என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகிற செலவு. உண்மையில் எவ்வளவு போனது என்பதை ஸ்டாக்கிலிருந்துதான் பிடிக்க முடியும். ஒரு வாரத்துக்குப் பனீரை மட்டும் எண்ணுவோம். திங்கள் காலை ஃப்ரிட்ஜில் 3 கிலோ. வாரத்தில் வாங்கியது 11.5 கிலோ. அடுத்த திங்கள் காலை மிச்சம் 2.5 கிலோ. அப்படியானால் போனது 12 கிலோ. விற்றது 120 சாண்ட்விச், ரெசிபிப்படி 10.2 கிலோ. மீதி 1.8 கிலோ எங்கே? ஊறவைத்து விற்காமல் புளித்துக் கொட்டியது, ஸ்டாஃப் சாப்பிட்டது, தட்டில் கூடுதலாக விழுந்தது எல்லாம் இதில் அடங்கும். 1.8 கிலோவுக்கு 720 ரூபாய். 120-ஆல் வகுத்தால் சாண்ட்விச்சுக்கு 6 ரூபாய். பனீர் இன்னொரு ஐட்டத்திலும் போகிறதென்றால் இரண்டின் ரெசிபி அளவையும் கூட்டிக்கொண்டு, வித்தியாசத்தை அந்த விகிதத்திலேயே பிரியுங்கள்.

ஆக உண்மைச் செலவு 84.88. பங்களிப்பு 171.43 − 84.88 = 86.55 ரூபாய்.

இதற்கு ஃபுட் காஸ்ட் 49.5 சதவீதம். பார்ட்னரின் விதிப்படி முதலில் போக வேண்டியது இதுதான். பக்கத்தில் மசாலா டீயை வையுங்கள். விலை 40, வரி போக 38.10, செலவு 11, பங்களிப்பு 27.10. ஃபுட் காஸ்ட் 29 சதவீதம்தான், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு சாண்ட்விச் தருகிற பணத்துக்கு மூன்று டீக்கு மேல் விற்க வேண்டும். விலை உயர்ந்த பொருள் போடுகிற தட்டில் சதவீதம் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். சதவீதத்தை வைத்துத் தூக்கிக்கொண்டே போனால் மெனுவில் கடைசியில் டீயும் பஜ்ஜியும்தான் நிற்கும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் B-யில் மெனு விலை, C-யில் ரெசிபிச் செலவு, D-யில் ஒரு தட்டுக்கான வீணடிப்பு, E-யில் விற்ற எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால் இரண்டே ஃபார்முலா போதும். முதலாவது ஒரு தட்டின் பங்களிப்பு (F), இரண்டாவது மொத்தப் பங்களிப்பு.

```
=B2/1.05-C2-D2
=F2*E2
```

எண்ணிக்கையை 28 நாளுக்கு எடுங்கள். காலண்டர் மாதம் எடுத்தால் ஒரு மாதத்தில் ஐந்து ஞாயிறு வரும், அடுத்ததில் நான்கு, ஒப்பிட முடியாது. 28 நாளில் எல்லாக் கிழமையும் நான்கு முறை வரும். பில்லிங் சாஃப்ட்வேரின் ஐட்டம்வாரி அறிக்கையில் இலவசமாகக் கொடுத்தது, கேன்சல் ஆனது, திரும்பப் போட்டது ஆகியவை விற்பனையாக எண்ணப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தக்காளி, வெங்காயம் போலக் கிடுகிடுவென ஏறி இறங்குகிற பொருளுக்கு இன்றைய விலையைப் போடாமல் மூன்று மாதச் சராசரியைப் போடுங்கள். தக்காளி உச்சத்தில் இருக்கிற வாரத்தில் மெனு முடிவெடுக்கக் கூடாது.

வாடகையையும் சம்பளத்தையும் ஐட்டத்தில் ஏற்றாதீர்கள்

இந்தக் கணக்கு அதிகம் கெடுவது இங்கேதான். மாத வாடகை, சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, விற்ற தட்டுகளால் வகுத்து, தட்டுக்கு 45 ரூபாய் என்று ஒவ்வொரு ஐட்டத்திலும் ஏற்றுவார்கள். உடனே டீ 18 ரூபாய் நஷ்டத்தில் ஓடுவதாகத் தெரியும். டீயைத் தூக்கினால் வாடகை குறைகிறதா? ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதே வாடகை இப்போது குறைவான தட்டுகளின் மேல் விழும். 45 என்பது 60 ஆகும். அடுத்து இன்னொரு ஐட்டம் நஷ்டமாகத் தெரியும். அதையும் தூக்குவீர்கள். மெனு சுருங்கச் சுருங்க நஷ்டம் கூடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் வியாபாரம் அல்ல, கணக்கு.

ஒவ்வொரு செலவையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக் காலையில் இந்த ஐட்டம் இல்லையென்றால் இந்தச் செலவு நிற்குமா? மாதச் சம்பளக்கார மாஸ்டரின் சம்பளம் நிற்காது, எனவே அது கணக்கில் வராது. இந்த ஒரு ஐட்டத்துக்காக அவரை மாலை இரண்டு மணி நேரம் ஓவர்டைமில் வைத்திருந்தால் அந்த ஓவர்டைம் நிற்கும், வரும். நாள் முழுக்க எரிகிற அடுப்பின் கேஸ் நிற்காது. இந்த ஐட்டத்துக்காகவே போடுகிற ஓவனின் கரண்ட் நிற்கும். பொரிக்கிற எண்ணெய் தட்டுக்குத் தட்டு குறைகிறது, எனவே அதைச் செலவில் சேர்த்தே ஆக வேண்டும். சட்டியில் ஊற்றிய எண்ணெய் எத்தனை தட்டு போட்டபின் மாற்றப்படுகிறது, நடுவில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு வாரம் குறித்தால் போதும்.

டெலிவரி ஆப்பில் அதே சாண்ட்விச் வேறு ஐட்டம்

கடையில் விற்பதையும் ஆப்பில் விற்பதையும் ஒரே வரியில் கூட்டி எழுதினால் இரண்டின் உண்மையும் தெரியாது. ஆப்பில் வரிக்கு முந்தைய விலை 210 என்று வைப்போம். 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகிற உணவக ஆர்டருக்கு ஜி.எஸ்.டி.யை ஆப் நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது, அதனால் இங்கே 1.05-ஆல் வகுக்க வேண்டாம். உங்கள் பங்கில் 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்திருந்தால் 168. அதன் மேல் கமிஷன் 22 சதவீதம் என்றால் 36.96. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 6.65 ரூபாய். இன்புட் கிரெடிட் இல்லாததால் அதுவும் உங்கள் தலையில்தான். டப்பா, கவர் 12. சாண்ட்விச்சின் செலவு 84.88.

168 − 36.96 − 6.65 − 12 − 84.88 = 27.51.

கடையில் 86.55 தருகிற சாண்ட்விச், ஆப்பில் கிட்டத்தட்ட ஒரு டீ தருவதைத்தான் தருகிறது. தள்ளுபடியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தால் மட்டுமே 43 ரூபாய்க்கு வரும். கமிஷன் தள்ளுபடிக்கு முந்தைய விலையிலா, பிந்தைய விலையிலா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். வாராந்திர செட்டில்மென்ட் அறிக்கையில் ஒரே ஒரு ஆர்டரை எடுத்து, வரிவரியாகக் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பல ஐட்டங்களுக்குச் சரியான முடிவு, கடை மெனுவில் வைத்துக்கொண்டு ஆப் மெனுவிலிருந்து மட்டும் எடுத்துவிடுவது. 42-ஐக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் இங்கே கை வையுங்கள், கடைக்கு வருகிறவருக்குத் தெரியவே தெரியாது.

நான்கு கட்டம் பிரிப்பதைப் பற்றி

பங்களிப்பையும் விற்பனை எண்ணிக்கையையும் வைத்து ஐட்டங்களை நான்கு கட்டமாகப் பிரிக்கும் முறையை அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982-இல் கொண்டுவந்தார்கள். மெனு இன்ஜினியரிங் என்பது அதுதான். ஒரு பிரிவில் 8 ஐட்டம் இருந்தால் சமபங்கு 12.5 சதவீதம். அதில் 70 சதவீதம், அதாவது 8.75 சதவீதம் விற்றாலே ஒரு ஐட்டம் நன்றாக விற்கிறது என்று கணக்கு. பங்களிப்பு அந்தப் பிரிவின் சராசரிக்கு மேலா கீழா என்பது இன்னொரு கோடு. இரண்டிலும் கீழே விழுவது நீக்கப் பட்டியலில் வரும்.

முதல் சல்லடையாக இது நல்லது. ஆனால் இதன் கோடுகள் சராசரியின் மேல் நிற்பதால் எப்போதுமே சில ஐட்டம் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். கீழே இருப்பதைத் தூக்கினால் சராசரி ஏறும், நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று கீழே போகும். எனவே இந்தக் கட்டம் எதை விசாரிக்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். டீயையும் சாண்ட்விச்சையும் ஒரே பட்டியலில் போட்டுப் பிரிப்பதும் கூடாது. சாண்ட்விச்சுக்குப் பதிலாக டீ குடித்துவிட்டுப் போகிறவர் கிடையாது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றை ஆர்டர் பண்ணக்கூடியவற்றை மட்டும் ஒரு பிரிவாக வையுங்கள்.

விசாரிப்பது எப்படி: இரண்டு ஐட்டம்

நீக்கப் பட்டியலில் வெஜ் லசான்யாவும் அவகாடோ டோஸ்டும் விழுந்திருப்பதாக வைப்போம்.

லசான்யா 260 ரூபாய், வரி போக 247.62, ரெசிபிச் செலவு 92. ஒரு தட்டுக்கு 155.62 மிஞ்சுகிறது. மெனுவிலேயே பெரிய எண் இதுவாக இருக்கலாம். ஆனால் ஒரு ட்ரேயில் 8 தட்டு, ஃப்ரிட்ஜில் இரண்டு நாள்தான் வைக்கிறீர்கள். 28 நாளில் 5 ட்ரே போட்டு 40 தட்டு செய்து, விற்றது 22. 18 தட்டு குப்பைக்குப் போனது. 18 × 92 = 1,656 ரூபாய். 22 தட்டின் பங்களிப்பு 3,424-இல் இதைக் கழித்தால் மிச்சம் 1,768. தட்டுக்கு 80 ரூபாய், பனீர் சாண்ட்விச்சை விடக் குறைவு.

தூக்கலாமா? இதற்குப் பதில் சொல்ல, லசான்யா கேட்டவர் அது இல்லையென்றால் என்ன செய்வார் என்று தெரிய வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு "இன்றைக்கு லசான்யா இல்லை" என்று சொல்லச் சொல்லுங்கள். ஆர்டர் எடுப்பவரின் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். கேட்டவர் அதற்குப் பதில் என்ன வாங்கினார் என்பதை மட்டும் அதில் எழுதட்டும். 11 பேர் கேட்டார்கள் என்று வையுங்கள். 5 பேர் பாஸ்தா வாங்கினார்கள், அதன் பங்களிப்பு 112. 3 பேர் பனீர் சாண்ட்விச். 2 பேர் எப்படியும் வாங்கியிருக்கும் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள், அது கூடுதல் அல்ல. ஒருவர் எழுந்து போய்விட்டார், கூட வந்தவரின் இரண்டு காப்பியும் சேர்ந்து போனது, அதில் 90 ரூபாய் பங்களிப்பு.

திரும்பி வந்தது 560 + 260 = 820, போனது 90, நிகரம் 730. லசான்யா இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் வந்திருக்கக்கூடியது 884. 28 நாளுக்குப் பார்த்தால், தூக்குவதால் சுமார் 308 ரூபாய் நஷ்டம்.

இனி நிற்கிற செலவு. ட்ரே ஒன்றுக்கு 3 கிலோவாட் ஓவன் ஒன்றரை மணி நேரம், ஐந்து ட்ரேக்கு 22.5 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் 225. ட்ரேக்கு இரண்டு மணி நேர வேலை, மொத்தம் 10 மணி நேரம். அது ஓவர்டைம் என்றால் மணிக்கு 90 வீதம் 900 ரூபாய் மிச்சம். அப்போது தூக்கினால் 225 + 900 − 308 = 817 ரூபாய் லாபம். ஓவர்டைம் இல்லை, மாஸ்டர் சும்மா இருக்கிற மதிய நேரத்தில் செய்கிறார் என்றால் 83 ரூபாய் நஷ்டம். ஒரே ஐட்டம், ஒரே ரெசிபி, அந்தப் பத்து மணி நேரம் எப்போது போகிறது என்பதில் முடிவு புரண்டுவிடுகிறது.

ஆனால் தூக்குவதற்கு முன்னால் இன்னொன்று உண்டு. லசான்யாவுக்கு நோய் விற்பனைக் குறைவு அல்ல, வீணாவது. ட்ரேயை நன்றாகக் குளிரவைத்து, துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரீஸரில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கிற பண்டம் அது. மறுநாளுக்கு வேண்டியதை முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் போதும். சூட்டோடு வெட்டினால் அடுக்கு சரிந்துவிடும், குளிர்ந்தபின்தான் வெட்ட வேண்டும். இப்படிச் செய்தால் 3 ட்ரே, 24 தட்டு, வீண் 2. பதினாறு தட்டு வீணாகாமல் 1,472 ரூபாய், இரண்டு ட்ரேயின் கரண்ட் 90, ஓவர்டைம் இருந்தால் இன்னும் 360. தூக்கினால் கிடைக்கிற 817-ஐ விட இது மேல். லசான்யா இருக்கட்டும்.

அவகாடோ டோஸ்டின் கதை வேறு. 240 ரூபாய், வரி போக 228.57. ஒரு அவகாடோ 80, சவர்டோ பிரெட் ஒரு துண்டு 15, மற்றது 23, மொத்தம் 118. தட்டுக்கு 110.57, 28 நாளில் 14 விற்று 1,548. வாங்கிய அவகாடோ 30. ஒரு நாள் காயாக இருக்கும், அடுத்த நாள் பழுக்கும், மூன்றாம் நாள் உள்ளே கறுத்துவிடும். 16 பழம் போனது, 1,280 ரூபாய். சவர்டோ வாரத்துக்கு ஒன்றாவது வாங்க வேண்டும், பத்துத் துண்டு வீதம் நான்கு பிரெட்டில் 40 துண்டு, போனது 14. மீதி 26 துண்டுக்கு 390. 1,548-லிருந்து இரண்டையும் கழித்தால் −122.

இங்கே வீணாவதை நிறுத்த வழி இல்லை. முழுப் பழமாக ஃப்ரீஸ் பண்ணினால் டோஸ்டுக்கு ஆகாது, ஆர்டர் வந்தபின் பழுக்க வைக்க முடியாது. அதைவிட முக்கியம், அவகாடோவும் சவர்டோவும் மெனுவில் வேறெதற்கும் போவதில்லை. பனீர் ஒரு ஐட்டத்தில் மிஞ்சினால் இன்னொன்றில் போகும். ஒரே ஒரு தட்டுக்காக மட்டும் வாங்குகிற, சீக்கிரம் கெடுகிற பொருள் இரண்டு இருக்கிற ஐட்டத்தை, மாற்று ஆர்டர் என்னவென்று பார்க்கக்கூடத் தேவையில்லாமல் தூக்கலாம். 42 ஐட்டத்துக்கும் எதிரே, அதற்கு மட்டுமே வாங்குகிற பொருட்களை ஒரு பத்தியாக எழுதிவையுங்கள். அந்தப் பத்தி நீளமாக இருக்கிற ஐட்டத்தில்தான் பணம் ஒளிந்து போய்க்கொண்டிருக்கும்.

கிரில்லர் ஒன்றுதான் என்றால்

மாலை ஆறிலிருந்து எட்டு வரை கூட்டம், சாண்ட்விச் கிரில்லர் ஒன்று. பனீர் சாண்ட்விச் ஒரு தடவைக்கு இரண்டு வைக்கலாம், 6 நிமிடம். ஒன்றுக்கு 3 நிமிடம் என்று கணக்கு. நிமிடத்துக்கு 86.55 ÷ 3, ஏறத்தாழ 29 ரூபாய். மூன்றடுக்கு கிளப் சாண்ட்விச் ஒன்றுதான் கொள்ளும், 7 நிமிடம். அதன் பங்களிப்பு 118, பார்க்கப் பெரிது, ஆனால் நிமிடத்துக்கு 17 ரூபாய்க்குக் கீழே. கிரில்லர் இடைவிடாமல் ஓடுகிற நேரத்தில் ஒரு கிளப் சாண்ட்விச் போடும்போது இரண்டுக்கு மேற்பட்ட பனீர் சாண்ட்விச்சின் இடம் போகிறது. 118 வாங்க 200-ஐ விடுகிறோம்.

இதைப் பார்த்து கிளப் சாண்ட்விச்சைத் தூக்கிவிடாதீர்கள். மதியம் மூன்று மணிக்குக் கிரில்லர் சும்மாதான் கிடக்கிறது, அப்போது 118 ரூபாய் முழுக்க லாபமான பங்களிப்பு. மாலை இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தினால் போதும். நிமிடக் கணக்கு உண்மையிலேயே வரிசை நிற்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். நிற்கிறதா என்று அறிய, கிச்சனுக்குப் போகிற ஆர்டர் சீட்டான கே.ஓ.டி. அடித்த நேரத்தையும் தட்டு வெளியே போன நேரத்தையும் ஒரு வாரம் ஒப்பிடுங்கள். ஆறு நிமிட சாண்ட்விச் இருபது நிமிடத்தில் போகிறதென்றால் கிரில்லர்தான் கழுத்தைப் பிடிக்கிறது. ஏழெட்டு நிமிடத்தில் போகிறதென்றால் அப்படி ஒரு சிக்கல் இல்லை. கிச்சனால் சமாளிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில், எந்த அடுப்பில் என்பதை முதலில் இப்படிப் பிடித்துவிடுங்கள். 42 ஐட்டமும் ஒரே நேரத்தில் நெரிப்பதில்லை.

எடுத்தபின்

ஒரு சுற்றில் இரண்டு மூன்று ஐட்டத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பத்தை ஒன்றாக எடுத்தால் எது எதை இழுத்துக்கொண்டு போனது என்று பிரிக்க முடியாது. எடுத்தபின் அடுத்த 28 நாளுக்கு, தட்டுக்குத் தட்டு பார்ப்பதை விட்டுவிட்டு கஃபேயின் மொத்தப் பங்களிப்பைப் பாருங்கள். மொத்த விற்பனை கொஞ்சம் குறைந்து மொத்தப் பங்களிப்பு அப்படியே நின்றாலோ ஏறினாலோ நீங்கள் எடுத்தது சரி. இரண்டும் குறைந்தால், எடுத்த ஐட்டம் இருந்த பழைய பில்களை எடுத்து அவற்றில் கூட என்னென்ன இருந்தன என்று பாருங்கள். நான்கு பேர் மேசையில் ஒருவர் மட்டும் சாப்பிடக்கூடிய ஒரே ஐட்டமாக அது இருந்திருக்கலாம். குழந்தைக்கான வெள்ளைப் பாஸ்தாவோ, வெங்காயம் பூண்டு சேர்க்காதவருக்கான ஒரு தட்டோ அப்படிப்பட்டது. தனியாகப் பார்த்தால் மாதம் பத்துத்தான் விற்றிருக்கும். அதனோடு வந்த மூன்று பேரின் பில்லும் அதன் கணக்கில்தான் சேர வேண்டும். அப்படியொன்று என்று தெரிந்தால் அடுத்த சுற்று வரை காத்திராமல் அந்த வாரமே திரும்ப மெனுவில் போட்டுவிடுங்கள்.